தேவையைச் சொல்வதும் ஒரு கணக்குதான்
இணையவழிப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு எழுதும் முறை

(வலையபட்டியில் நடந்த கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, படிக்கிற தம்பி தங்கைகளே! இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் பொருள் மிகவும் சின்னது. வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் ஒரு படிப்புப் படிக்க வேண்டும், கட்டணம் கட்ட முடியவில்லை, அப்போது உதவி கேட்டு எழுதும் அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது என்பதுதான் பொருள். அதை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

கோர்செரா என்ற பெயரைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆண்ட்ரூ இங், டாஃப்னி கோலர் என்ற இருவர் 2012இல் தொடங்கியது. உலகத்தின் பல பல்கலைக்கழகங்களும் பெரிய கம்பெனிகளும் அதில் பாடம் நடத்துகின்றன. படித்து முடித்துச் சான்றிதழ் வாங்கக் கட்டணம் உண்டு. கட்ட முடியாதவர்களுக்கு உதவியும் உண்டு. படிப்பின் பக்கத்தில் Enroll என்ற பொத்தானுக்கு அருகில் Financial aid available என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டால் விண்ணப்பம் திறக்கும். போன் ஆப்பில் தேடிக் களைத்துப்போகாதீர்கள். கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகப் போய்ப் பாருங்கள். சில படிப்புகளுக்கு உதவி கிடையாது. அந்த எழுத்து இல்லையென்றால் அந்தப் படிப்புக்கு இல்லை என்று பொருள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. "நான் போட்டுத் தருகிறேன், ஐந்நூறு கொடு" என்று யாராவது சொன்னால், நீங்களே செய்துகொள்ளக்கூடிய வேலைக்குக் காசு கேட்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அந்த விண்ணப்பத்தில் படிப்பு, வேலை, வருட வருமானம், நீங்கள் எவ்வளவு கட்ட முடியும் என்ற விவரங்களைக் கேட்பார்கள். பிறகு இரண்டு கேள்விகள். உங்களுக்கு ஏன் உதவி தேவை? இந்தப் படிப்பு உங்கள் குறிக்கோளுக்கு எப்படிப் பயன்படும்? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 150 ஆங்கிலச் சொற்கள். நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி மனுக்களிலும் இதே தடுமாற்றத்தைப் பார்க்கிறோம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நம் வீடுகளில் கஷ்டத்தை வெளியே சொல்லும் பழக்கம் இல்லை. "அத்தா பேரு என்ன ஆகும்" என்று ஒரு கூச்சம். அதனால் சிலர் "எங்கள் குடும்பம் நடுத்தரக் குடும்பம், உதவி செய்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் நேர் எதிராக, "நான் மிகவும் ஏழை, எங்களுக்கு யாரும் இல்லை, தயவுசெய்து உதவுங்கள்" என்று பக்கம் முழுக்க எழுதுகிறார்கள். இரண்டிலும் ஒரே குறைதான். படிக்கிறவருக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, படிப்புக்கு என்ன மிஞ்சுகிறது என்ற மூன்றும் அதில் இல்லை.

தேவை என்பது வரவுக்கும் செலவுக்கும் இடையில் உள்ள ஒரு எண். அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் கெஞ்சவும் வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம். மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டைக் காட்டுவதுபோல் காட்டிவிட்டுப் போகலாம்.

ஒரு வீட்டை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இது நம் ஊரில் யாருடைய வீடும் இல்லை. விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்டது. அத்தா வேன் ஓட்டுகிறார், மாதம் 12,000 ரூபாய். மகள் பி.காம். முடித்துவிட்டு காரைக்குடியில் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறாள், 6,000 ரூபாய். ஆக வரவு 18,000. வீட்டு வாடகை 3,500. மளிகை, காய்கறி, பால் 7,500. தம்பியின் கல்லூரிச் செலவு 2,500. அம்மாவின் சர்க்கரை மாத்திரை, பரிசோதனை 1,500. கேஸ், கரண்ட், போன் 1,500. கூட்டினால் 16,500. கையில் நிற்பது 1,500 ரூபாய். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் அதில்தான் எடுக்க வேண்டும்.

இந்தத் தங்கை படிக்க விரும்புவது எக்செல். ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகம் கோர்செராவில் நடத்தும் Excel Skills for Business என்ற தொகுப்பு. அதில் நான்கு படிப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது Essentials. கட்டணம் மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சும் தொகையைப் போல் இரண்டு மடங்கு. முதல் கேள்விக்கு விடை இப்போதே கிடைத்துவிட்டது, பாருங்கள்.

இங்கே ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். வருமானத்தை அமெரிக்க டாலரில் கேட்பார்கள். நம் பிள்ளைகள் 2,16,000 ரூபாயை அப்படியே 216000 என்று போட்டுவிட்டால், அவர்கள் கண்ணுக்கு அது இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் டாலர். அமெரிக்காவிலேயே அது வசதியான குடும்பம்! பிறகு எவ்வளவு கஷ்டத்தை எழுதினாலும் நம்புவார்களா? ஒரு டாலர் 90 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால், 2,16,000ஐ 90ஆல் வகுக்க 2,400 டாலர் வரும். நீங்கள் எழுதும் நாளில் டாலர் என்ன விலையோ அதைப் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். எழுதியது மாத வருமானமா, வருட வருமானமா என்றும் ஒருமுறை சரிபாருங்கள்.

"யாருடைய வருமானத்தைப் போடுவது?" என்று கேட்பீர்கள். சம்பாதிக்காத மாணவி தன் வருமானம் சுழியம் என்று போட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது. குடும்ப வருமானத்தைப் போட்டாலும், தன் வருமானத்தைப் போட்டாலும், "இது எங்கள் ஐந்து பேர் குடும்பத்தின் மொத்த வருமானம்" என்றோ, "எனக்கு வருமானம் இல்லை, அத்தாவின் வருமானம் இவ்வளவு" என்றோ விடையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மேலே பெட்டியில் போட்ட எண்ணும், கீழே எழுதிய எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இரண்டும் மோதினால் பொய் சொல்லாதவரும் பொய்யரைப்போல் தெரிவார்.

எவ்வளவு கட்ட முடியும் என்ற கேள்விக்குச் சுழியம்தான் சரியான விடை என்று யாரோ சொல்லிப் பரப்பியிருக்கிறார்கள். உண்மையிலேயே முடியாதென்றால் சுழியம் போடுங்கள். இந்தத் தங்கையால் 450 ரூபாய் முடியும் என்றால் 5 டாலர் என்று போடட்டும். அதுதான் அமானிதம். உதவி என்பது எப்போதும் முழுக் கட்டணமாக இருக்காது. ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டு மீதியை நம்மைக் கட்டச் சொல்வதும் உண்டு. எத்தனை சதவீதம் என்பது அனுமதிக் கடிதத்தில் இருக்கும். அந்த மீதிக்கு வழியில்லை என்றால் நம் அறக்கட்டளையிடம் வாருங்கள். முழுக் கட்டணம் கேட்டு வருபவரைவிட, அங்கே வாங்கியது போக மீதி கேட்டு வருபவருக்கு எங்களால் விரைவாக உதவ முடியும். பைத்துல்மால் பணமும் இன்னும் சில பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்று. அந்த விண்ணப்பத்தில் ஒரு காலத்தில், குறைந்த வட்டிக் கடன் கிடைத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்றும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு கேள்வி எங்கே வந்தாலும் தயங்க வேண்டாம். "வட்டிக் கடன் வாங்குவதை எங்கள் மார்க்கம் அனுமதிக்கவில்லை. மேலும், திருப்பிக் கட்ட மாதம் 1,500க்கு மேல் எங்களிடம் மிஞ்சுவதில்லை" என்று இரண்டு வரியில் எழுதினால் போதும். உதவி கிடைக்க வேண்டுமே என்று "ஆம்" என்று போட வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. படிப்பு எப்படிப் பயன்படும்? இதற்குப் பெரும்பாலும் வருகிற விடை: "இன்றைய உலகில் கணினி அறிவு மிக அவசியம். இதைப் படித்தால் நல்ல வேலை கிடைக்கும். என் குடும்பத்தை முன்னேற்றுவேன்." இந்த மூன்று வரியை எக்செலுக்கும் எழுதலாம், தையலுக்கும் எழுதலாம், ஜெர்மன் மொழிக்கும் எழுதலாம். எந்தப் படிப்புக்கும் பொருந்துகிற விடை இந்தப் படிப்புக்கான விடை ஆகாது.

சரியான விடை எழுத வேண்டுமானால், முதலில் அந்தப் படிப்பின் பக்கத்தைக் கீழே வரை படிக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அங்கே எழுதியிருக்கும். Essentials படிப்பில் கணக்குப் போடும் சூத்திரங்கள், அட்டவணையை ஒழுங்குபடுத்துவது, வரிசைப்படுத்துவது, வேண்டியதை மட்டும் வடிகட்டி எடுப்பது, அச்சிடுவது, வரைபடம் போடுவது ஆகியவை இருக்கின்றன. அதில் இரண்டு பாடத்தை எடுத்து, உங்கள் கையில் இப்போது இருக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்.

நம் தங்கை புடவைக் கடையில் என்ன செய்கிறாள்? கண்டாங்கிச் சேலை, பட்டு, பருத்தி என்று மூன்று நோட்டில் இருப்பு எழுதுகிறாள். மாதக் கடைசியில் நோட்டையும் பில்லையும் ஒத்துப்பார்க்க இரண்டு நாள் ஆகிறது. எந்த ரகம் மூன்று மாதமாக விற்கவில்லை என்று முதலாளி கேட்டால் நோட்டைப் புரட்டித்தான் சொல்ல வேண்டும். இதே இருப்பை எக்செலில் ஏற்றினால், வரிசைப்படுத்தியும் வடிகட்டியும் அந்த விடையைச் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். இதை எழுதினால், படிக்கிறவர் கண்முன் அந்தக் கடையும் நோட்டும் வந்து நிற்கும். படித்ததை இந்தப் பெண் முதல் மாதமே பயன்படுத்துவாள் என்ற நம்பிக்கையும் வரும்.

அவள் எழுத வேண்டிய விடைகளைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். முதல் விடை:

"நான் பி.காம். முடித்து, காரைக்குடியில் ஒரு புடவைக் கடையில் பில் போடும் வேலை செய்கிறேன். என் சம்பளம் மாதம் 6,000 ரூபாய். என் தந்தை வேன் ஓட்டுநர், அவருடைய வருமானம் 12,000 ரூபாய். இதில் ஐந்து பேர் வாழ்கிறோம். வாடகை, உணவு, தம்பியின் கல்லூரி, அம்மாவின் சர்க்கரை நோய் மருந்து, மற்ற கட்டணங்கள் ஆகியவற்றுக்கு 16,500 ரூபாய் செலவாகிறது. மிஞ்சும் 1,500 ரூபாயைத்தான் திடீர் மருத்துவச் செலவுக்கு வைத்திருக்கிறோம். இந்தப் படிப்பின் ஒரு மாதக் கட்டணம் அதைப்போல் இரண்டு மடங்கு. என்னால் 450 ரூபாய் கட்ட முடியும். எங்கள் ஊரிலிருந்து மாலை வகுப்புக்குப் போய்வர இரவு பஸ் வசதி போதாது. அதனால் வீட்டிலிருந்து படிக்கும் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன்."

இரண்டாவது விடை:

"கடையின் இருப்பை மூன்று நோட்டுகளில் கையால் எழுதுகிறேன். மாதக் கடைசியில் சரிபார்க்க இரண்டு நாள் ஆகிறது. இந்தப் படிப்பில் வரும் சூத்திரங்களையும், வரிசைப்படுத்தி வடிகட்டும் பாடத்தையும் கொண்டு இருப்புப் பட்டியலை எக்செலுக்கு மாற்றுவேன். விற்காத ரகங்களைத் தனியே எடுத்து முதலாளிக்கு மாத அறிக்கை கொடுப்பேன். பிறகு இந்தத் தொகுப்பின் அடுத்த படிப்புகளையும் முடித்து, கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிப்பேன். அந்த வேலை விளம்பரங்களில் எக்செல் கேட்கிறார்கள். அக்கா வீட்டு லேப்டாப்பை இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை பயன்படுத்த அனுமதி வாங்கியிருக்கிறேன். வாரம் ஐந்து நாள் படிப்பேன்."

கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். எக்செலைப் போனில் படித்துப் பழக முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும். உதவி கிடைத்தும் பாதியில் நின்றுபோகிறவர்கள் பலருக்கு இடறுகிற இடம் இதுதான். எந்தக் கருவியில், எந்த நேரத்தில் படிப்பேன் என்று எழுதினால், எழுதும்போதே அதற்கு வழி தேடிவிடுவீர்கள்.

இதை முதலில் தமிழில் எழுதுங்கள். அப்புறம் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக நீங்களே மாற்றுங்கள். தமிழில் நூறு சொல் எழுதினால் ஆங்கிலத்தில் 150ஐத் தொட்டுவிடும், ஏனென்றால் நாம் ஒரே சொல்லில் சேர்த்துச் சொல்வதை அவர்கள் இரண்டு மூன்று சொல்லாகப் பிரிப்பார்கள். இலக்கணம் கொஞ்சம் பிசகினால் பரவாயில்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பழைய விடையை எடுத்து ஒட்டாதீர்கள். அது அவர்களுடைய விதிக்கே மாறானது. அதோடு பலரும் அதையே ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய விடையைக் கண்டுபிடிப்பதும் எளிது. எக்செலுக்கான விண்ணப்பத்தில் வேறு படிப்பின் பெயர் அப்படியே நிற்கும், டிரைவர் மகள் விவசாயி மகளாகியிருப்பாள். நான் இப்போது சொன்ன விடையையும் யாரும் எடுத்து எழுத வேண்டாம். வலையபட்டியிலிருந்து பத்துப் பேர் புடவைக் கடையில் பில் போடுவதாக எழுதினால் உண்மையாகப் போடுகிறவளுக்கும் உதவி கிடைக்காது.

அனுப்பிய பிறகு விடை வர சுமார் இரண்டு வாரம் ஆகும். விடை மின்னஞ்சலில் வரும். அதனால் யாரோ ஒருவருடைய மின்னஞ்சலைக் கொடுக்காமல், நீங்கள் தினமும் திறக்கும் மின்னஞ்சலைக் கொடுங்கள். மறுத்துவிட்டால் அதோடு முடிந்துவிடவில்லை, திருத்தி மறுபடியும் போடலாம். டாலர் கணக்கையும் சொற்களின் எண்ணிக்கையையும் முதலில் பாருங்கள்.

அனுமதி கிடைத்தால் 180 நாளுக்குள் அந்தப் படிப்பை முடிக்க வேண்டும். உதவி ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. நான்கு படிப்பு உள்ள தொகுப்பு என்றால் நான்கு விண்ணப்பம். ஆசையில் நான்கையும் ஒரே நாளில் போட்டால், நான்குக்கும் நாள் ஒன்றாக ஓடத் தொடங்கிவிடும். ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கையில் அடுத்ததற்கு விண்ணப்பியுங்கள். இடைவெளியும் விழாது, நெருக்கடியும் வராது. ரமளான் மாதம் நடுவில் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 30 நாளில் வழக்கமான நேரம் கிடைக்காது என்று கணக்கில் கழித்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கணக்குத் தொடங்கும்போது கொடுக்கும் பெயர்தான் சான்றிதழில் வரும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. முஹம்மது என்பதையே நான்கு விதமாக எழுதுகிறோம். ஆதாரில் உள்ள எழுத்தையே, இனிஷியலோடு, முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

கோர்செரா ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் ஸ்வயம் தளமும், ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இருக்கின்றன. அங்கே பாடம் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். இங்கே விண்ணப்ப உரை எதுவும் எழுத வேண்டாம். இன்ஜினியரிங், காமர்ஸ் படிக்கும் பிள்ளைகள் முதலில் அங்கே தங்களுக்கு வேண்டிய பாடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு மற்றதற்குப் போகலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை உங்களிடம் வந்து "அத்தா, மாதம் எவ்வளவு வருது, எவ்வளவு போகுது" என்று கேட்டால், "உனக்கு எதுக்கு அது" என்று அனுப்பிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். விண்ணப்பத்துக்கு அந்தத் தாள் தேவை. உதவி கிடைக்காமல் போனாலும், வீட்டில் உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

அந்தத் தாளோடும், படிக்க விரும்பும் படிப்பின் பெயரோடும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் விடையை நாங்கள் எழுதித் தர மாட்டோம். நீங்கள் எழுதியதை உட்கார்ந்து படித்து, எங்கே எண் இல்லை, எங்கே கணக்கு மோதுகிறது என்று சொல்லித் தருவோம். வீட்டு விவரம் எதுவும் அந்த அறையை விட்டு வெளியே போகாது.